15 பஸில்: பாதி அமைப்புகளை யாராலும் முடிக்கவே முடியாது... ஏன் தெரியுமா?

சதுரமான ஒரு சின்ன சட்டம். அதுக்குள்ள 1 முதல் 15 வரை எண் போட்ட டைல்கள். ஒரே ஒரு இடம் மட்டும் காலி. டைல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, எண்களை வரிசையாகக் கொண்டு வரணும். பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டாகவோ, மொபைல் கேமாகவோ இதை நம்மில் பலர் விளையாடியிருப்போம்.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. டைல்களைக் கழற்றி, இஷ்டப்படி மாற்றிப் போட்டுவிட்டு விளையாடத் தொடங்கினால், அதை முடிக்க முடியுமா என்பது பாதிக்குப் பாதி வாய்ப்புதான். நம் திறமைக்கும் பொறுமைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. அமைப்பு தப்பான பாதியில் விழுந்துவிட்டால், ஆயுசு முழுக்கத் தள்ளினாலும் முடியாது.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும், நீங்களே கண்டுபிடிக்கலாம். வாங்க, படிப்படியாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவை ஆட்டிப்படைத்த விளையாட்டு

இந்தப் பஸிலை உருவாக்கியவர் நோயஸ் சாப்மேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கனஸ்டோட்டா என்ற ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். 1870-களில் அவர் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1879 கடைசியில் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1880-ன் முதல் சில மாதங்களில் அமெரிக்கா முழுக்க இதே பேச்சு. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியது.

அப்போது எல்லோரையும் படுத்தி எடுத்தது ஒரு குறிப்பிட்ட அமைப்பு. எல்லா எண்களும் சரியாக இருக்கும். கடைசியில் 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி இருக்கும்.

```
 1   2   3   4
 5   6   7   8
 9  10  11  12
13  15  14   □
```

பார்த்தால் ரொம்ப சுலபம் போலத் தெரியும். இரண்டே டைல்தானே, கொஞ்சம் சுற்றி வந்தால் மாற்றிவிடலாம் என்று தோன்றும். பிற்காலத்தில் சாம் லாய்ட் என்ற புகழ்பெற்ற புதிர் நிபுணர், இந்தப் பஸிலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று சொல்லிக்கொண்டார். அது உண்மையில்லை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் ஆதாரத்துடன் காட்டிவிட்டார்கள். இந்த 14-15 அமைப்பைச் சரிசெய்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்ற அறிவிப்பும் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது.

பரிசு அறிவித்தவருக்குப் பணம் போய்விடும் என்ற பயமே தேவையில்லை. ஏனென்றால், இதை முடிக்கவே முடியாது என்பது ஏற்கெனவே கணக்குப் போட்டு நிரூபிக்கப்பட்டிருந்தது. வில்லியம் ஜான்சன், வில்லியம் ஸ்டோரி என்ற இரண்டு கணித அறிஞர்கள், 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழின் 1879-ம் ஆண்டுத் தொகுதியில் இதைப் பற்றி எழுதினார்கள். எந்தப் பாதி முடியாது என்பதை ஜான்சன் காட்டினார். மீதிப் பாதி நிச்சயம் முடியும் என்பதை ஸ்டோரி காட்டினார்.

மொத்தம் எத்தனை அமைப்புகள்?

15 டைல், ஒரு காலி இடம், ஆக 16 கட்டங்கள். இவற்றை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை சுமார் 20.92 லட்சம் கோடி. அதில் சரிபாதி, அதாவது சுமார் 10.46 லட்சம் கோடி அமைப்புகள் முடிக்கக்கூடியவை. மீதி 10.46 லட்சம் கோடி முடிக்கவே முடியாதவை.

இத்தனை அமைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது யாராலும் ஆகாத காரியம். அதனால் கணித அறிஞர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். டைல்களை எப்படித் தள்ளினாலும் மாறாத ஒரு விஷயம் இருக்கிறதா? அப்படி ஒன்று இருந்து, அது தொடக்க அமைப்பில் ஒரு மாதிரியும் இலக்கு அமைப்பில் வேறு மாதிரியும் இருந்தால், இங்கிருந்து அங்கே போகவே முடியாது என்று அடித்துச் சொல்லிவிடலாம். அந்த மாறாத விஷயத்தைத்தான் இப்போது தேடப் போகிறோம்.

இன்வெர்ஷன் என்றால் என்ன?

முதலில் பஸிலை ஒரே வரியாக எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் படிக்கிற மாதிரி, முதல் வரிசையை இடமிருந்து வலமாக, அப்புறம் இரண்டாம் வரிசை, மூன்றாவது, நான்காவது. காலி இடத்தைக் கண்டுகொள்ள வேண்டாம், அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இப்போது 15 எண்கள் ஒரு வரியில் நிற்கும், ரேஷன் கடை க்யூ மாதிரி. இதில் ஒரு பெரிய எண் ஒரு சின்ன எண்ணுக்கு முன்னால் நின்றால், அந்த ஜோடி முறை மாறி நிற்கிறது என்று அர்த்தம். இப்படி முறை மாறிய ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'இன்வெர்ஷன்'.

ஒரு சின்ன உதாரணம்: 3, 1, 2, 4 என்று நான்கு எண்கள். இதில் 3 என்பது 1-க்கு முன்னால் நிற்கிறது, அது ஒரு இன்வெர்ஷன். 3 என்பது 2-க்கும் முன்னால் நிற்கிறது, அது இன்னொன்று. 1-க்குப் பின்னால் அதைவிடச் சின்ன எண் இல்லை, 2-க்குப் பின்னாலும் இல்லை. ஆக மொத்தம் 2 இன்வெர்ஷன்.

எண்ணும் முறை எளிது. ஒவ்வொரு எண்ணாக எடுத்து, 'எனக்குப் பின்னால் என்னைவிடச் சின்னவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள்?' என்று கேளுங்கள். எல்லா விடைகளையும் கூட்டினால் மொத்த இன்வெர்ஷன் கிடைத்துவிடும். எல்லா எண்களும் சரியான வரிசையில் இருந்தால் விடை 0.

நமக்கு இந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதுகூட முக்கியமில்லை. அது ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதுதான் முக்கியம்.

பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்?

இந்த விளையாட்டில் இரண்டு வகை நகர்வுகள்தான் உண்டு. ஒன்று, டைலை இடது அல்லது வலது பக்கம் தள்ளுவது. இன்னொன்று, மேலே அல்லது கீழே தள்ளுவது.

பக்கவாட்டில் தள்ளும்போது நாம் எழுதி வைத்த வரியில் எந்த மாற்றமும் வராது. ஒரு டைல் பக்கத்துக் காலி இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். காலி இடத்தை நாம் எண்ணவில்லையே! எண்கள் நிற்கும் வரிசை அப்படியே இருக்கும். அதனால் இன்வெர்ஷன் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும்.

மேலே கீழே தள்ளினால்?

இங்கேதான் விஷயமே இருக்கு. 4×4 பஸிலில் ஒரு டைலை மேலே தள்ளினால், அது வரியில் சரியாக மூன்று டைல்களைத் தாண்டி முன்னால் போகும். கீழே தள்ளினால் மூன்று டைல்களைத் தாண்டிப் பின்னால் போகும். ஒரு வரிசையில் நான்கு கட்டங்கள் இருப்பதால், நடுவில் எப்போதும் மூன்று டைல்கள் மாட்டும்.

தாண்டப்படும் அந்த மூன்று பேரோடும் நம் டைலின் உறவு தலைகீழாகிறது. முன்பு முறையாக நின்ற ஜோடி இப்போது முறை மாறும், அதாவது இன்வெர்ஷன் 1 கூடும். முன்பு முறை மாறி நின்ற ஜோடி இப்போது சரியாகிவிடும், 1 குறையும். மற்ற ஜோடிகளில் எந்த மாற்றமும் இல்லை.

ஆக, மூன்று முறை 1 கூடுதல் அல்லது 1 குறைதல். மொத்த மாற்றம் 3 கூடலாம், 1 கூடலாம், 1 குறையலாம், 3 குறையலாம். இந்த நான்கைத் தவிர வேறு வழியில்லை. நான்குமே ஒற்றைப்படை எண்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதாவது, ஒவ்வொரு மேல்-கீழ் நகர்விலும் இன்வெர்ஷன் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் ஒற்றையாகும், ஒற்றையாக இருந்தால் இரட்டையாகும். ஸ்விட்சைப் போட்டு அணைப்பது மாதிரி, ஒவ்வொரு தடவையும் மாறிவிடும்.

மாறாத அந்த ஒரு விஷயம்

அப்போ இன்வெர்ஷன் மாறிக்கொண்டேதானே இருக்கு, மாறாத விஷயம் எங்கே? அதே நேரத்தில் இன்னொன்றும் மாறுகிறது. அதுதான் காலி இடம் இருக்கும் வரிசை.

டைல் மேலே போனால் காலி இடம் ஒரு வரிசை கீழே இறங்கும். டைல் கீழே வந்தால் காலி இடம் ஒரு வரிசை மேலே ஏறும். மேலிருந்து 1, 2, 3, 4 என்று வரிசைகளுக்கு எண் கொடுத்தால், ஒவ்வொரு மேல்-கீழ் நகர்விலும் காலி இடத்தின் வரிசை எண் 1 கூடும் அல்லது 1 குறையும். இதுவும் ஒற்றை-இரட்டை என்று மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள்:

இன்வெர்ஷன் எண்ணிக்கை + காலி இடத்தின் வரிசை எண்

பக்கவாட்டு நகர்வில் இரண்டுமே மாறாது. மேல்-கீழ் நகர்வில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒற்றைப்படை அளவில் மாறும். இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதானே வரும்? அதனால் கூட்டுத்தொகை இரட்டையாக இருந்தால் இரட்டையாகவே இருக்கும், ஒற்றையாக இருந்தால் ஒற்றையாகவே இருக்கும். நீங்கள் 10 முறை தள்ளினாலும் சரி, 10 கோடி முறை தள்ளினாலும் சரி.

நாம் போய்ச் சேர வேண்டிய அமைப்பில் இன்வெர்ஷன் 0. காலி இடம் 4-வது வரிசையில். கூட்டினால் 4, இரட்டைப்படை. ஆகவே தொடக்க அமைப்பின் கூட்டுத்தொகையும் இரட்டைப்படையாக இருந்தால்தான் முடிக்க முடியும். ஒற்றைப்படை என்றால், அதோடு கதை முடிந்தது.

ஒரு அமைப்பை எடுத்துக் கணக்குப் போடுவோம்

```
 3   1   2   4
 5   □   7   8
 9   6  10  12
13  14  11  15
```

ஒரே வரியாக எழுதினால்: 3, 1, 2, 4, 5, 7, 8, 9, 6, 10, 12, 13, 14, 11, 15.

இப்போது எண்ணுவோம். 3-க்குப் பின்னால் அதைவிடச் சின்னவை 1, 2 என இரண்டு. 7, 8, 9 ஆகிய மூன்றுக்கும் பின்னால் 6 நிற்கிறது, அதனால் ஆளுக்கு ஒன்று, மொத்தம் மூன்று. அதேபோல 12, 13, 14 ஆகிய மூன்றுக்கும் பின்னால் 11 நிற்கிறது, அங்கே ஒரு மூன்று. மற்ற எண்களுக்குப் பின்னால் சின்ன எண் எதுவும் இல்லை. ஆக மொத்தம் 2 + 3 + 3 = 8 இன்வெர்ஷன்.

காலி இடம் 2-வது வரிசையில். கூட்டுத்தொகை 8 + 2 = 10. இரட்டைப்படை! அப்படியென்றால் இதை முடிக்க முடியும்.

உண்மையிலேயே கூட்டுத்தொகை இரட்டையாகவே இருக்கிறதா என்று சில நகர்வுகளைச் செய்து பார்ப்போம். காலி இடத்துக்குக் கீழே உள்ள 6-ஐ மேலே தள்ளுங்கள். வரியில் அது 9, 8, 7 என்ற மூன்றையும் தாண்டி, 5-க்கு அடுத்துப் போய் நிற்கும். மூன்று ஜோடிகளும் சரியாகிவிட்டன, இன்வெர்ஷன் 8-லிருந்து 5 ஆகிறது. காலி இடம் 3-வது வரிசைக்கு இறங்கிவிட்டது. 5 + 3 = 8, இரட்டைப்படை.

அடுத்து, 10-ஐ இடது பக்கம் தள்ளுங்கள். பக்கவாட்டு நகர்வு என்பதால் எதுவும் மாறவில்லை. அதே 8.

இப்போது காலி இடத்துக்குக் கீழே இருப்பது 11. அதை மேலே தள்ளினால் 14, 13, 12 மூன்றையும் தாண்டும். இன்வெர்ஷன் 5-லிருந்து 2 ஆகும். காலி இடம் 4-வது வரிசைக்கு வந்துவிட்டது. 2 + 4 = 6, இதுவும் இரட்டைப்படை. கடைசியாக 15-ஐ இடது பக்கம் தள்ளினால் இப்படி நிற்கும்:

```
 3   1   2   4
 5   6   7   8
 9  10  11  12
13  14  15   □
```

மீதி இருப்பது முதல் வரிசையில் 3, 1, 2 மட்டும்தான். மூன்று டைல்கள் சுழற்சியாக மாறி நிற்கின்றன, 2 இன்வெர்ஷன், இரட்டைப்படை. இதற்கு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும், ஆனால் நிச்சயம் முடியும்.

14-15 மட்டும் ஏன் மாறவே மாறாது?

இப்போது பழைய 1,000 டாலர் அமைப்புக்கு வருவோம். அதில் முறை மாறிய ஜோடி ஒன்றே ஒன்று, 15-ம் 14-ம். இன்வெர்ஷன் 1. காலி இடம் 4-வது வரிசை. 1 + 4 = 5, ஒற்றைப்படை. நாம் போய்ச் சேர வேண்டிய இடத்தின் எண்ணிக்கை 4, இரட்டைப்படை. ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போக வழியே கிடையாது.

இதையே இன்னொரு விதத்தில் யோசித்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது காலி இடம் வலது கீழ் மூலையில். முடியும்போதும் அதே மூலையில்தான் இருக்கணும். நடுவில் காலி இடம் எத்தனை படி மேலே ஏறியதோ, அத்தனை படி கீழே இறங்கியே ஆகணும். அதனால் மேல்-கீழ் நகர்வுகளின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படை. ஒவ்வொரு மேல்-கீழ் நகர்விலும் இன்வெர்ஷன் ஸ்விட்ச் மாதிரி மாறுகிறது என்று பார்த்தோம். ஸ்விட்சை இரட்டைப்படை தடவை தட்டினால் பழைய நிலைக்கே வந்துவிடும். 1 இன்வெர்ஷனோடு தொடங்கியவர் 0-ல் போய் முடிக்கவே முடியாது.

ஏன் சரியாகப் பாதி? 60-40 ஆக இருக்கக் கூடாதா?

நியாயமான கேள்விதான். இதற்கு விடை ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது.

ஏதாவது ஒரு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரியாக எழுதும்போது முதலில் வரும் இரண்டு டைல்களை மட்டும் கையால் கழற்றி இடம் மாற்றுங்கள். காலி இடத்தைத் தொட வேண்டாம். இரண்டும் வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை என்பதால், அந்த ஒரு ஜோடி மட்டும்தான் மாறும். இன்வெர்ஷன் சரியாக 1 கூடும் அல்லது 1 குறையும். காலி இடத்தின் வரிசை அப்படியே இருக்கும். ஆக, கூட்டுத்தொகை இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ, ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ மாறிவிடும்.

அதே இரண்டு டைல்களைத் திரும்ப மாற்றினால் பழைய அமைப்பே கிடைக்கும். இப்படி ஒவ்வொரு இரட்டைப்படை அமைப்புக்கும் ஒரே ஒரு ஒற்றைப்படை ஜோடி உண்டு. யாருக்கும் ஜோடி இல்லாமல் போகாது, ஒருவருக்கு இரண்டு ஜோடியும் வராது. ஆகவே இரண்டு கூட்டமும் சமம், சரிபாதி.

இரட்டைப்படை என்றால் நிச்சயம் முடியுமா?

இதுவரை பார்த்தது, ஒற்றைப்படை என்றால் முடியாது என்பது மட்டும்தான். இரட்டைப்படை என்றால் நிச்சயம் முடியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் ஸ்டோரி அப்போதே காட்டினார். விளையாடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

பழகியவர்கள் முதல் வரிசையைச் சரிசெய்வார்கள், அப்புறம் இரண்டாம் வரிசை. அடுத்து இடது பக்கத்திலிருந்து 9, 13 என்ற ஜோடி, பிறகு 10, 14 என்ற ஜோடி. இதுவரை எந்த அமைப்பாக இருந்தாலும் செய்துவிடலாம், எங்கேயும் தடை வராது. கடைசியில் வலது கீழ் மூலையில் நான்கு கட்டங்களும், 11, 12, 15 என்ற மூன்று டைல்களும்தான் மிஞ்சும்.

காலி இடத்தை மூலைக்குக் கொண்டு வந்துவிட்டால், அந்த மூன்று டைல்கள் நிற்கக்கூடிய விதங்கள் ஆறு. அந்தச் சின்ன சதுரத்துக்குள் நாம் செய்யக்கூடியது ராட்டினம் மாதிரி சுற்றுவது மட்டும்தான். ராட்டினத்தில் ஒருவருக்கு அடுத்தவர் யார் என்பது மாறாது. கடிகாரம் சுற்றும் திசையில் 11, 12, 15 என்று வரும் மூன்று விதங்களையும் சுற்றியே சரிசெய்துவிடலாம். எதிர்த்திசையில் வரும் மூன்று விதங்களை முடியாது.

அந்த ஆறு விதங்களுக்கும் இன்வெர்ஷன் எண்ணிப் பார்த்தால், முடியக்கூடிய மூன்றும் இரட்டைப்படை, முடியாத மூன்றும் ஒற்றைப்படை. தொடக்கத்தில் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் கடைசியிலும் அது இரட்டைப்படைதான். ஆகவே நீங்கள் வந்து நிற்பது முடியக்கூடிய மூன்றில் ஒன்றில்தான். அதனால் இரட்டைப்படை அமைப்புகள் அத்தனையும் முடியும். எவ்வளவு மோசமாகக் கலைந்திருந்தாலும், ஒரு தடவைக்கு ஒரு டைல் என்று நகர்த்தி, அதிகபட்சம் 80 நகர்வுகளில் முடித்துவிட முடியும் என்பதையும் கம்ப்யூட்டர் கணக்குகள் காட்டியிருக்கின்றன.

3×3 பஸிலுக்கும் இதே கணக்கா?

1 முதல் 8 வரை உள்ள சின்னப் பஸிலில் கணக்கு இன்னும் எளிது. அங்கே ஒரு டைலை மேலே அல்லது கீழே தள்ளினால் அது இரண்டு டைல்களைத்தான் தாண்டும். மாற்றம் 2 கூடும், 2 குறையும், அல்லது ஒன்று கூடி ஒன்று குறைந்து 0 ஆகிவிடும். எல்லாமே இரட்டைப்படை. அதனால் இன்வெர்ஷன் ஒற்றையா இரட்டையா என்பது எந்த நகர்விலும் மாறாது. காலி இடத்தின் வரிசையைக் கூட்டவே தேவையில்லை.

அங்கே மொத்தம் 3,62,880 அமைப்புகள். அதில் பாதியான 1,81,440 மட்டும்தான் முடியும். 7-ம் 8-ம் மட்டும் மாறி நின்றால் இன்வெர்ஷன் 1, முடியாது.

இரண்டு பஸிலுக்கும் ஒரே விதியைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 4×4-ல் காலி இடத்தின் வரிசையைக் கூட்ட மறந்துவிட்டால் விடை தப்பாகிவிடும். நாம் கணக்குப் போட்ட உதாரணத்திலேயே 6-ஐ மேலே தள்ளியதும் இன்வெர்ஷன் 5, அதாவது ஒற்றைப்படை ஆனது. வரிசையைக் கூட்டாமல் பார்த்திருந்தால், முடியக்கூடிய பஸிலை முடியாது என்று தூக்கிப் போட்டிருப்போம்.

ஆப்பில் ஏன் இந்தப் பிரச்சினை வருவதில்லை?

மொபைல் கேம்களில் இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரியான அமைப்பிலிருந்து தொடங்கி, விதிப்படி டைல்களைத் தள்ளித் தள்ளியே கலைப்பது. அப்படிக் கலைத்தால் கூட்டுத்தொகை இரட்டையாகவே இருக்கும். இன்னொன்று, எண்களைக் குலுக்கிப் போட்டுவிட்டு இன்வெர்ஷனைக் கணக்கிடுவது. தப்பான பாதியில் விழுந்திருந்தால் ஏதாவது இரண்டு டைல்களை மாற்றிவிடுவது. இதைச் செய்யாமல் வெறுமனே குலுக்கிப் போட்ட கேம் என்றால், சராசரியாக இரண்டு ஆட்டத்தில் ஒன்று முடியாது.

கையில் வைத்து விளையாடும் பொம்மையில் சிக்கல் வருவது, டைல்கள் கழன்று விழுந்து, யாராவது தோன்றியபடி திரும்ப மாட்டிவிட்டால்தான். எல்லாம் சரியாக வந்து இரண்டே டைல்கள் மட்டும் மாறி நின்றால், அதற்கு மேல் தள்ளிப் பயனில்லை. அந்த இரண்டையும் கழற்றி மாற்றிப் போடுவதுதான் ஒரே வழி.

கழற்ற மனசில்லையா? இன்னொரு வழியும் இருக்கு. இலக்கையே மாற்றிக்கொள்ளலாம்! காலி இடம் கடைசியில் வருவதற்குப் பதிலாக முதல் கட்டத்தில் வருமாறு, அதற்கு அடுத்து 1, 2, 3 என்று அடுக்கிப் பாருங்கள்.

```
 □   1   2   3
 4   5   6   7
 8   9  10  11
12  13  14  15
```

இதில் இன்வெர்ஷன் 0, காலி இடம் 1-வது வரிசை, கூட்டுத்தொகை 1. ஒற்றைப்படை! 14-15 மாறி நிற்கும் அமைப்பும் ஒற்றைப்படைதானே? அதனால் அந்த அமைப்பிலிருந்து இங்கே தாராளமாக வந்து சேரலாம்.

படம் போட்ட பஸிலில் ஒரு தந்திரம்

எண்களுக்குப் பதில் படம் ஒட்டிய பஸில்களில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. படத்தில் வெறும் நீல வானம் மட்டும் இருக்கிற, பார்க்க ஒரே மாதிரியான இரண்டு டைல்கள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து வேறு ஏதோ இரண்டு டைல்கள் மட்டும் மாறி நின்றால், பஸில் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

அந்த வானத் துண்டுகளில் இதை அங்கேயும் அதை இங்கேயும் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டையும் தங்களுக்குள் இடம் மாற்றி வைத்து அடுக்கினால் மாறி நின்ற மற்ற ஜோடியும் சரியாகிவிடும். இரண்டு ஜோடி மாறினால் இரட்டைப்படை, அதைத் தள்ளியே செய்யலாம். ஒரே மாதிரியான டைல்கள் இரண்டு இருந்தாலே போதும், அந்தப் பஸிலில் முடியாத அமைப்பு என்று ஒன்று இருக்காது.

அடுத்த முறை 15 பஸில் கையில் கிடைத்தால், தள்ளத் தொடங்கும் முன் இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். எண்களை ஒரே வரியாக எழுதி இன்வெர்ஷனை எண்ணுங்கள், காலி இடத்தின் வரிசையைக் கூட்டுங்கள். இரட்டைப்படை வந்தால் விளையாடலாம். ஒற்றைப்படை வந்தால், ஏதாவது இரண்டு டைலைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.